பிடித்த ஆறாயிரம் எங்கே போனது?

கோவையில் வீட்டிலிருந்தபடியே டிசைன் வேலை செய்கிறாள் என் தோழி. 2024 நவம்பரில் ஒரு நிறுவனத்துக்கு அறுபதாயிரம் ரூபாய்க்கு பில் போட்டாள். டிசம்பரில் வங்கியில் வந்து விழுந்தது ஐம்பத்து நாலாயிரம். மீதி ஆறாயிரம் டிடிஎஸ், அதாவது பத்து சதவீத வரிப்பிடித்தம். அந்த ஆண்டு அவள் வருமானம் வரி வரம்புக்குள்தான் இருந்தது. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் ஆறாயிரமும் திரும்பி வந்துவிடும்.

ஜூலையில் ரிட்டர்ன் போட உட்கார்ந்து, வருமான வரித் தளத்தில் View Form 26AS என்பதைத் திறந்து பார்த்தாள். யார் யார் நம் பெயரில் எவ்வளவு வரி பிடித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அரசு வைத்திருக்கும் கணக்கு அது. அந்த நிறுவனத்தின் பெயரே அதில் இல்லை. அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு போன் போட்டாள். “அப்பவே கட்டியாச்சே மேடம்” என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை.

இங்கேதான் பலரும் குழம்பிப்போகிறோம். வரியைக் கட்டுவது ஒரு வேலை, அது யாருடைய வரி என்று சொல்வது இன்னொரு வேலை. டிசம்பரில் பிடித்த பணத்தை ஜனவரி 7-க்குள் கட்ட வேண்டும். அப்போது போவது மொத்தத் தொகை மட்டுமே, அதில் நம் பெயர் இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டுக்கு ஜனவரி 31-க்குள் தாக்கல் செய்யும் டிடிஎஸ் ரிட்டர்னில்தான் இன்ன பான் எண்ணுக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதுவார்கள். அதிலிருந்து பதினைந்து நாளில், பிப்ரவரி 15-க்குள், 16ஏ சான்றிதழ் நம் கைக்கு வந்திருக்க வேண்டும். தோழி கேட்டது ஜூலையில். பிப்ரவரியிலேயே கேட்டிருந்தால் ஐந்து மாதம் மிச்சம்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். வேலை கொடுத்தவருக்கு இது புரியாது; “சொல்லிடறேன்” என்பார், மறந்துவிடுவார். நேராக அக்கவுண்ட்ஸுக்கு எழுத வேண்டும். அவள் எழுதியது இது:

“வணக்கம் சார். நவம்பர் 14 தேதியிட்ட என் பில் எண் 23, தொகை ரூ.60,000. டிசம்பர் 10 அன்று ரூ.54,000 வங்கியில் வரவானது, டிடிஎஸ் ரூ.6,000. இந்தப் பிடித்தம் என் 26ஏஎஸ்-ல் இன்னும் வரவில்லை. மூன்றாம் காலாண்டுக்கான 16ஏ-வை ட்ரேசஸ் தளத்திலிருந்து எடுத்து அனுப்புங்கள். ரிட்டர்னில் என் பான் எண் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள். பான் கார்டு நகல் இணைத்திருக்கிறேன்.”

கடைசியில் கேட்ட அந்தக் கேள்விதான் வேலை செய்தது. மறுநாளே பதில் வந்தது: பான் எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. ஆறாயிரமும் அரசிடம்தான் இருந்தது, ஆனால் வேறொரு எண்ணில். அவர்கள் திருத்த ரிட்டர்ன் தாக்கல் செய்தார்கள். அது ஏற்கப்பட்ட பிறகு 26ஏஎஸ்-ல் அந்த வரி வந்து, பக்கத்தில் F என்ற எழுத்தும் விழுந்தது. F என்றால் கணக்கு பொருந்திவிட்டது. U என்றிருந்தால், ரிட்டர்னில் எழுதியதும் கட்டிய பணமும் இன்னும் பொருந்தவில்லை என்று அர்த்தம்; அதை நம்பி ரிட்டர்ன் போடக் கூடாது.

சில சின்ன நிறுவனங்கள் எக்ஸெலில் தாங்களே ஒரு 16ஏ அடித்து, சீல் வைத்து அனுப்புவது உண்டு. பார்க்க அழகாக இருக்கும், உதவாது. ட்ரேசஸில் எடுத்ததில் ஏழு எழுத்துச் சான்றிதழ் எண் இருக்கும். ரிட்டர்ன் தாக்கல் ஆகாமல் அது உருவாகவே உருவாகாது.

இன்னொன்று: ரிட்டர்னில் வருமானமாகக் காட்ட வேண்டியது அறுபதாயிரம். கைக்கு வந்த ஐம்பத்து நாலாயிரத்தைக் காட்டிவிட்டு ஆறாயிரத்தைத் திருப்பிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். துறையின் கணக்கோடு அது இடிக்கும்.

இழுத்தடிப்பவர்களுக்கு இரண்டாவது கடிதத்தில் அபராதத்தை மரியாதையாக நினைவூட்டலாம். ரிட்டர்ன் தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய், சான்றிதழ் தராவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய். இரண்டுக்கும் பிடித்த வரித்தொகைதான் உச்சவரம்பு. பிடித்துவிட்டுக் கட்டாமலே வைத்திருந்தால் மாதத்துக்கு ஒன்றரை சதவீத வட்டி, வழக்கும் வரலாம்.

அப்படியும் கட்டாமல் ஏமாற்றினால்? பிடிக்கப்பட்ட வரியை நம்மிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் 205-வது பிரிவு சொல்கிறது. அதற்குச் சான்று நம் பில்லும் வங்கிக் கணக்கும், பிடித்தத்தை ஒப்புக்கொண்ட அவர்களுடைய மின்னஞ்சலும்தான். ஆனால் அந்தப் பிரிவு வரி பாக்கி வராமல் காக்கும், அவ்வளவுதான். 26ஏஎஸ்-ல் இல்லாத பணத்தை ரீஃபண்டாக வாங்குவது பெரும்பாடு.