விரல் நுனியில் ஒரு துண்டு இட்லி

ஈப்போவுக்கு வடக்கே உள்ள செமோரானாலும் வேறு எந்த ஊரானாலும், ஒன்பது மாதக் குழந்தையைத் தடுப்பூசிக்காகச் சுகாதாரக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்வது வழக்கம். அங்கு எடையும் உயரமும் மட்டும் பார்க்கப்படுவதில்லை. குழந்தை தன் கைகளால் என்னென்ன செய்கிறது என்பதையும் தாதியர் கவனிக்கின்றனர்.

ஒரு சிறு துண்டு இட்லியைக் குழந்தையின் முன் வைத்தால் இந்த வளர்ச்சியைக் கண்கூடாகக் காணலாம். தொடக்கத்தில் குழந்தை எல்லா விரல்களாலும் இட்லியை உள்ளங்கைக்குள் வாரி எடுக்கும். பிறகு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கவாட்டிற்கும் இடையே பிடிக்கும். ஏறத்தாழ 12 மாதத்தில் இரு விரல்களின் நுனிகளால் பொறுக்கி எடுக்கும். இதுவே 'இருவிரல் பிடி' எனப்படும்.

இப்பிடி வளர, பொறுக்கி எடுக்கப் பொருள் வேண்டும். அவித்த கேரட், பழுத்த பப்பாளி, தோசை ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக்கித் தட்டில் வைக்கலாம். பெரியவர் தம் இருவிரல்களால் அழுத்தும்போது எளிதில் நசுங்கும் உணவே குழந்தைக்கு ஏற்றது. ஈப்போ புந்தோங்கில் விற்கப்படும் கச்சாங் பூத்தே பெரியவர்களுக்குச் சுவையான நொறுக்குத்தீனிதான். ஆனால், அதிலுள்ள முழுக் கடலை மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடும். ஆகவே, ஐந்து வயது வரை முழுக் கடலையைத் தரக்கூடாது. குழந்தையை நிமிர்ந்து உட்கார வைத்து, உண்டு முடிக்கும் வரை பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும்.

ஒரு வயதுக்குப்பின் குழந்தை கரண்டியைக் கேட்கும். ஆனால், வாயருகே கொண்டு செல்வதற்குள் கரண்டி கவிழ்ந்துவிடும். மணிக்கட்டைத் திருப்பிச் சமன்செய்யும் திறன் அதற்கு இன்னும் முழுமையாக வராததே காரணம். குழைத்த தயிர்சாதம் போன்ற கெட்டியான உணவு கரண்டியில் ஒட்டிக்கொள்வதால் பழகுவதற்கு உதவும். நெய்ச்சோற்றைத் துழாவி உடலெங்கும் பூசிக்கொள்ளும் குழந்தையைப் பாண்டியன் அறிவுடைநம்பியின் புறநானூற்றுப் பாடலிலும் காண்கிறோம். சிந்துகிறது என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டால் பயிற்சி தடைபடும்.

இதே காலத்தில் கிறுக்கலும் தொடங்குகிறது. தடித்த வண்ணக்கோலைக் குழந்தை முதலில் முழுக் கையால் இறுகப் பிடித்து, தோளையும் கையையும் சேர்த்து அசைக்கும். காகிதத்தின் ஓரங்களைத் தரையில் ஒட்டிவிட்டால் அது நகராது. 24 மாத அளவில், பெரியவர் இழுத்துக் காட்டும் நேர்க்கோட்டைப் பார்த்துத் தானும் இழுக்க முயலும். பென்சில் பிடிக்கும் முறையை இவ்வயதில் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை.

குழந்தைக்குக் குழந்தை ஓரிரு மாதங்கள் வேறுபடுவது இயல்பே. எனினும், ஒரு வயதைத் தாண்டியும் சிறு பொருளை விரல்களால் எடுக்காவிட்டால் கிளினிக்கில் தெரிவிக்க வேண்டும். 18 மாதத்திற்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றக் கையை ஒதுக்கினாலும் அவ்வாறே செய்ய வேண்டும். அதை 'இடக்கைப் பழக்கம்' என்று எண்ணி விட்டுவிடக்கூடாது. ஒதுக்கப்படும் கையில் பலக்குறைவு இருக்கலாம். அதனை முன்கூட்டியே கண்டறிந்தால் அக்கைக்குரிய பயிற்சியை விரைவில் தொடங்க இயலும்.