மூன்று கிரவுண்டு வேண்டாம், ஒரு சுவர் போதும்

டென்னிஸ் கோர்ட் ஒன்றுக்கு, கோட்டுக்கு வெளியே ஓடும் இடத்தையும் சேர்த்தால், 120 அடி நீளமும் 60 அடி அகலமும் வேண்டும். சென்னைக் கணக்கில் சரியாக மூன்று கிரவுண்டு. அவ்வளவு இடத்தை வளைத்துப் போட்டாலும் ஒரே சமயத்தில் நாலு பேருக்கு மேல் ஆட முடியாது. இருக்கிற கோர்ட்டுகளையும் காலை, மாலை நேரங்களில் பெரியவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். புதிதாகக் கற்க வரும் பிள்ளைகள் வரிசையில் நின்று நாலைந்து பந்து அடித்துவிட்டு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகிறார்கள். ஃபோர்ஹேண்ட் அப்படி வராது. ஒரே அசைவை நூற்றுக்கணக்கான தடவை செய்தால்தான் உடம்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

அதற்குச் சுவர் நல்ல வழி என்பது புதிய யோசனை இல்லை. ஸ்வீடனின் பியான் போர்க் சிறுவனாக இருந்தபோது வீட்டு கராஜ் கதவில் பந்தடித்துப் பழகியவர். ஆனால் நம் ஊரில் ஒரு பிள்ளையிடம் ராக்கெட்டையும் கடையில் வாங்கிய மஞ்சள் பந்தையும் கொடுத்துச் சுவருக்கு முன்னால் நிறுத்தினால் பெரும்பாலும் ஃபோர்ஹேண்ட் கெட்டுத்தான் போகிறது. குற்றம் சுவருடையது அல்ல, பந்துடையது.

ஏன் என்று பார்ப்போம். கோர்ட்டில் எதிராளி 23.77 மீட்டர் தள்ளி நிற்கிறார். நாம் அடித்த பந்து அவரிடம் போய் மறுபடி நம்மிடம் வர, நடுத்தர வேகத்தில் மூன்று நொடிக்கு மேல் ஆகும். சுவரிலிருந்து நாலு மீட்டரில் நிற்கும் பிள்ளைக்கு அதே வேகத்தில் அடித்த மஞ்சள் பந்து ஒரு நொடிக்குள் திரும்பிவிடும். அந்த ஒரு நொடிக்குள் உடம்பைத் திருப்பி, ராக்கெட்டைப் பின்னால் கொண்டுபோய், பந்தைச் சந்திக்க வேண்டும். முடியாது. ஆகவே பிள்ளை திரும்புவதையே விட்டுவிட்டு, சுவரைப் பார்த்து நேராக நின்றபடி மணிக்கட்டால் தட்டத் தொடங்குகிறது. பந்தும் மார்பு உயரத்துக்கு எழும்பி வருவதால் அந்தத் தட்டல் மேலிருந்து கீழே இறங்கும் வெட்டாக மாறிவிடும். இப்படிச் சில வாரம் பழகியதை மாற்ற அதைப்போல் பல மடங்கு காலம் பிடிக்கும்.

ஃபோம் பந்து இந்த இரண்டு சிக்கலையும் தீர்க்கிறது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2007இல் தொடங்கிய ‘பிளே அண்ட் ஸ்டே’ திட்டத்தில் சின்னப் பிள்ளைகளுக்கென்று மூன்று மெதுவான பந்துகளை வகுத்தது. அவற்றில் மிக மெதுவானது சிவப்பு. சிவப்பிலேயே துணி உறை போட்டது ஒன்று, முழுக்க ஃபோம் ஆனது இன்னொன்று. 2012 முதல், பத்து வயதும் அதற்குக் குறைவுமான பிள்ளைகளின் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று விதியே வந்துவிட்டது. மஞ்சள் பந்தின் எடை 56 முதல் 59.4 கிராம். ஃபோம் பந்து அதைவிடப் பெரியது, 8 முதல் 9 செ.மீ. விட்டம், ஆனால் எடை 25 முதல் 43 கிராம்தான். 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் மஞ்சள் பந்து 135 செ.மீ.க்கு மேல் எழும். ஃபோம் பந்து 85 முதல் 105 செ.மீ.யோடு நின்றுவிடும்.

பொம்மைக் கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்ச் பந்து இதற்கு உதவாது. அது காற்றில் மிதக்கும், சுவரில் பட்டதும் செத்து விழும். வாங்கும்போது பெரியவர் ஒருவர் தன் தோள் உயரத்திலிருந்து பந்தைச் சிமெண்டுத் தரையில் விட்டுப் பார்க்கலாம். முழங்காலுக்குச் சற்று மேலே எழும்பினால் சரி. கணுக்காலோடு நின்றால் வேண்டாம்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் தரைத்தளம் இதற்கு நல்ல இடம். காற்று அடிக்காது, இந்தப் பந்துக்குக் காற்றுதான் பெரிய எதிரி. பந்து மெத்தென்று படுவதால் கார் கண்ணாடிக்கும் ஆபத்து மிகக் குறைவு, மாடியில் தூங்குபவர்களுக்கும் தொந்தரவில்லை. சுவர் வழவழப்பாகப் பூசியிருக்க வேண்டும். சொரசொரப்பான பூச்சு ஃபோமைப் பிய்த்துவிடும். தரை சிமெண்டாக இருந்தால் நல்லது. பேவர் பிளாக் போட்டிருந்தால் இடுக்கில் பட்ட பந்து எங்கே துள்ளும் என்று சொல்ல முடியாது.

சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். அது வலை. கோர்ட்டில் வலையின் நடு உயரம் 91.4 செ.மீ., அதாவது மூன்றடி. ஆனால் குறி அந்தக் கோடு அல்ல. அதற்கு மேலே ஐந்தடிக்கும் ஆறரை அடிக்கும் நடுவில் ஒரு கட்டம் வரைய வேண்டும். அந்த உயரத்தில் படும் ஃபோம் பந்து தரையில் குதித்தபின் ஏறக்குறைய 70, 80 செ.மீ. எழும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது இடுப்பு உயரம், ஃபோர்ஹேண்ட் அடிக்க அதைவிடத் தோதான உயரம் இல்லை. தவிர, அவ்வளவு மேலே அனுப்ப ராக்கெட் கீழிருந்து மேலே வந்தே ஆக வேண்டும். “கீழிருந்து மேலே கொண்டு வா” என்று நாம் தொண்டை வறளக் கத்துவதை அந்தக் கட்டமே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

முதல் நாள் ராக்கெட் வேண்டாம். பிள்ளை மூன்று மீட்டர் தள்ளி நின்று, பந்தைக் கீழ்க்கையாகச் சுவரில் எறிந்து, ஒரு தடவை குதித்ததும் வலது கையால் பிடிக்கட்டும். (இடது கைப் பிள்ளைக்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.) உடம்பை ஒட்டிப் பிடிக்காமல், கையை நீட்டி, முன்கால் விரல்களுக்கும் ஒரு சாண் முன்னால் பிடிக்க வேண்டும். அந்த இடம்தான் பிற்பாடு ராக்கெட் பந்தைத் தொடும் இடம். அது வந்தபின் உள்ளங்கையாலேயே அடிக்கலாம். ராக்கெட்டைக் கொடுக்கும்போது, அதன் வலைப்பரப்பில் உள்ளங்கையை வைத்து அப்படியே கைப்பிடிவரை வழித்து இறக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். அதுதான் ஈஸ்டர்ன் பிடி. உள்ளங்கை பார்க்கும் திசையிலேயே ராக்கெட்டும் பார்க்கும். கிரிக்கெட் ஆடிய பிள்ளைகள் பேட்டைப் பிடிப்பதுபோல் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தால் ராக்கெட்டின் முகம் வானத்தைப் பார்க்கும், பந்து கட்டத்தைத் தாண்டிக் கூரைக்குப் போகும்.

பிறகு, இடது கையால் பந்தை விட்டு, குதித்ததும் ஒரு அடி. திரும்பி வருவதைக் கையில் பிடி. அவ்வளவுதான். பிள்ளைகள் உடனே தொடர்ந்து அடிக்கத் துடிப்பார்கள். விடக் கூடாது. கட்டத்துக்குள் அடிப்பது வழக்கமான பிறகு தொடர்ந்து அடிக்கலாம், அதுவும் முதலில் இரண்டு துள்ளல் விட்டு.

தொடர்ந்து அடிக்கும்போதுதான் சுவர் உண்மையைச் சொல்லத் தொடங்கும். என்னிடம் பழகிய பத்து வயதுப் பெண் ஒருத்திக்கு ஒற்றை அடி அழகாக வரும். தொடர்ந்து அடித்தால் நாலாவது பந்துக்குள் சுவரின் வலது ஓரத்துத் தூணருகே போய் நின்றுவிடுவாள். “சார், பந்து ஓடிப்போயிட்டே இருக்கு சார்” என்றாள். “நீ பந்தைத் துரத்தாதே. சுவர்ல எங்க படுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு” என்றேன். கட்டத்துக்கு வலப்பக்கம் இரண்டடி தள்ளிப் பட்டுக்கொண்டிருந்தது. சுவர் பந்தை வந்த கோணத்திலேயே திருப்பும். சுவரில் இரண்டடி விலகினால் நம்மிடம் வரும்போது நாலடி விலகியிருக்கும். அடுத்த பந்துக்கு அவள் ஓடிப்போய் எட்டி அடிக்கிறாள். அது இன்னும் விலகுகிறது.

வலப்பக்கம் விலகினால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: பந்தைத் தாமதமாகத் தொடுவது. ராக்கெட் முன்னால் வந்து சேருவதற்குள் பந்து உடம்புக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அப்போது முகம் இன்னும் வலப்பக்கம் பார்த்தபடி இருக்கும். (முன்கூட்டியே தொட்டாலோ, கையை உடம்புக்குக் குறுக்கே இழுத்தாலோ பந்து இடப்பக்கம் போய் உடம்பின் மீதே திரும்பி வரும்.) இந்த இடத்தில் “சீக்கிரம் அடி” என்று சொன்னால் காரியம் கெடும். பிள்ளை கையை வேகமாக வீசும், திரும்புவது அப்படியே தாமதமாகத்தான் இருக்கும். சீக்கிரம் நடக்க வேண்டியது திரும்புதல்.

அவளுக்கு மூன்று சொல் கொடுத்தேன். பந்து சுவரில் பட்டதும் “திரும்பு”, தரையில் பட்டதும் “குதி”, ராக்கெட்டில் பட்டதும் “அடி” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திமதி கால்வே 1974இல் எழுதிய டென்னிஸ் புத்தகத்தில் இதுபோல் இரண்டு சொல் பயிற்சி உண்டு. சுவருக்காக ஒன்று கூட்டிக்கொண்டேன். “திரும்பு” என்னும்போது இடது கை ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்தபடி இரண்டு தோளும் சேர்ந்து பக்கவாட்டில் திரும்ப வேண்டும். கை மட்டும் பின்னால் போனால் கணக்கில்லை. முதலில் அவளுடைய “திரும்பு”ம் “குதி”யும் ஒன்றாகவே வந்தன. தாமதம் எங்கே என்பது அவள் வாயாலேயே தெரிந்தது. அந்த இரண்டு சொல்லுக்கும் இடையில் ஒரு மூச்சு இடைவெளி விழுந்த நாளில், பந்து கட்டத்துக்குத் திரும்பியது. கையைப் பற்றி நான் எதுவுமே சொல்லவில்லை. மஞ்சள் பந்தாக இருந்திருந்தால் மூன்று சொல்லைச் சொல்லவே நேரம் இருந்திருக்காது.

ஃபோம் பந்துக்கென்று ஒரு கெட்ட குணம் உண்டு, அதைக் கண்காணிக்க வேண்டும். எடை குறைவு என்பதால் மணிக்கட்டைச் சுண்டினாலும் பந்து போய்விடும். ஷட்டில் ஆடிப் பழகிய பிள்ளைகள் இதில் உடனே விழுவார்கள். பந்து கட்டத்துக்குள் பட்டுக்கொண்டே இருப்பதால் தவறு நடப்பது வெளியே தெரியாது. அடித்து முடித்த நிலையைப் பார்த்தால் தெரியும். சரியாக அடித்தவருடைய ராக்கெட் இடது தோளுக்கு மேல் போய் நிற்கும், முழங்கை முன்னால் எழும்பியிருக்கும். சுண்டியவருடையது வயிற்றுக்கு முன்னாலேயே நின்றுவிடும். இதற்கு மருந்து, ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ராக்கெட்டை இடது தோளுக்கு மேல் இடது கையால் பிடித்து, பந்து சுவரைத் தொடும்வரை விடாமல் இருப்பது.

ஐந்து மீட்டர் தள்ளி நின்று, ஒரே துள்ளலில், கட்டத்துக்குள் பத்துப் பந்து தொடர்ந்து அடிக்க வந்துவிட்டால் சுவரோடு மட்டும் நிற்கக் கூடாது. சுவர் ஒரே மாதிரியான பந்தைத்தான் தரும். எதிராளி அடிக்கும் பந்து ஆழமா, குட்டையா, எந்தப் பக்கம் என்று கணிக்க அது கற்றுத்தராது. அதற்கும் கோர்ட் வேண்டியதில்லை. சிவப்புப் பந்துக்கான ஆடுகளம் ஏறக்குறைய 11 மீட்டர் நீளம், ஐந்து, ஆறு மீட்டர் அகலம்தான். ஒரு பேட்மிண்டன் கோர்ட்டுக்குள் அடங்கிவிடும். வலை இல்லையென்றால் இரண்டு தூணுக்கு நடுவே 80 செ.மீ. உயரத்தில் கயிறு கட்டினால் போதும். எதிரும் புதிருமாக இரண்டு பிள்ளைகள் நிற்க, பந்தைத் துணி உறை போட்ட சிவப்புக்கு மாற்றலாம். அது சற்றுக் கனம் என்பதால் முதல் சில நாள் பந்து மறுபடி வலப்பக்கம் விலகும். அப்போது ஒரு வாரம் ஃபோம் பந்தோடு சுவருக்குத் திரும்பி, அந்த மூன்று சொல்லையும் மறுபடி சொல்லவைத்தால் சரியாகிவிடும்.