அக்கரையும் இக்கரையும்

இலக்கண வினாத்தாளில் சுட்டெழுத்தைப் பற்றிய வினாவைக் கண்டவுடன், இது மிக எளிது என்று எண்ணி விரைந்து விடை எழுதுவோர் பலர். மண்ணச்சநல்லூரில் பல ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். மதிப்பெண்ணைப் பறிகொடுக்கும் இடமும் பெரும்பாலும் இதுவே என்பதை விடைத்தாள்களில் கண்டிருக்கிறேன். எங்கே இடறுகிறார்கள், அதனை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதை இன்று கூற விரும்புகிறேன்.

அ, இ, உ என்னும் மூன்றும் சொல்லின் முதலில் நின்று ஒன்றைச் சுட்டிக் காட்டும்போது சுட்டெழுத்துகள் ஆகின்றன. இகரம் அண்மையைச் சுட்டும். அகரம் சேய்மையைச் சுட்டும். உகரம் இரண்டிற்கும் இடைப்பட்டதைச் சுட்டும். எங்கள் ஊர் கொள்ளிடத்திற்கு வடக்கே உள்ளது. கொள்ளிடத்திற்கும் காவிரிக்கும் நடுவே திருவரங்கம். காவிரிக்குத் தெற்கே திருச்சிராப்பள்ளி நகரம். வடகரையில் நிற்கும் எங்களுக்கு வடகரை 'இக்கரை'. நகரம் இருக்கும் தென்கரை 'அக்கரை'. இடையிலுள்ள தீவை 'உவ்வூர்' என்று சுட்டலாம். நகரத்தில் நிற்பவரோ எங்கள் கரையைத்தான் 'அக்கரை' என்பார். கரை இடம் மாறவில்லை; சுட்டுவோர் நிற்கும் இடமே மாறியது. உகரச் சுட்டு நம் பேச்சில் வழக்கொழிந்தது. ஆயினும் யாழ்ப்பாணத்தார் பேச்சில் 'உது', 'உவன்' என்பன வழங்குகின்றன.

இனி, அகச்சுட்டு, புறச்சுட்டு என்னும் பிரிவுக்கு வருவோம். சுட்டெழுத்தை நீக்கினால் எஞ்சியது பொருள் தருமாயின் புறச்சுட்டு, தராதாயின் அகச்சுட்டு. 'அக்கரை' என்பதில் 'கரை' எஞ்சுகிறது, ஆகவே புறச்சுட்டு. 'அவன்' என்பதில் எஞ்சும் 'வன்' தனித்துப் பொருள் தராது, ஆகவே அகச்சுட்டு. இவ்விதியை மட்டும் மனப்பாடம் செய்து கொண்டு செல்லும் மாணவனை மூன்று சொற்கள் மயக்கும்.

முதலாவது, 'அது'. அகரத்தை நீக்கினால் 'து' எஞ்சும். 'து' என்பதற்கு 'உண்' என்று பொருள்; ஓரெழுத்து ஒருமொழிகளுள் அதுவும் ஒன்று. அப்படியானால் 'அது' புறச்சுட்டா? அன்று. எஞ்சிய எழுத்துக்கு எங்கேனும் ஒரு பொருள் இருந்தால் போதாது. அந்தச் சொல்லிலேயே அப்பொருள் இருத்தல் வேண்டும். 'அது' என்பதில் உண்ணுதல் ஏதும் இல்லையே! மேலும், புணர்ச்சியும் நமக்குச் சான்று கூறும். புறச்சுட்டின் முன் மெய்யெழுத்து வந்தால் அம்மெய் இரட்டிக்கும்: அ + கரை = அக்கரை. உயிர் வந்தால் வகரம் தோன்றி இரட்டிக்கும்: அ + ஊர் = அவ்வூர். யகரம் வந்தால் இடையே வகரம் மட்டும் தோன்றும்: அ + யானை = அவ்யானை. 'அது' என்பதில் இத்தகைய மாற்றம் ஒன்றும் இல்லை. ஆகவே அஃது அகச்சுட்டே.

இரண்டாவது, 'அவை'. 'மாடுகள் மேய்கின்றன, அவை எங்களுடையவை' என்னும்போது அகச்சுட்டு. 'புலவர் அவையில் பேசினார்' என்னும்போது அது சபையைக் குறிக்கும் பெயர். அங்கே சுட்டே இல்லை.

மூன்றாவது, 'அம்மணி'. 'அம்மணி, உள்ளே வாருங்கள்' என்றால் பெண்ணை அழைக்கும் விளி, சுட்டு இல்லை. 'கோவிலில் இரண்டு மணிகள் உள, அம்மணி பெரியது' என்றால் அந்த மணி என்பது பொருள், புறச்சுட்டு. எழுத்தும் ஒன்றே, இரட்டிப்பும் ஒன்றே. தொடரின் பொருள்தான் வேறுபாட்டைக் காட்டுகிறது. ஆகையால், சொல்லை மட்டும் நோக்காமல் தொடர் முழுவதையும் முதலில் படித்து, 'இங்கே எதையேனும் சுட்டுகிறதா?' என்று கேட்க வேண்டும். ஆம் என்றால் மட்டுமே அகமா, புறமா என்னும் ஆராய்ச்சிக்குச் செல்ல வேண்டும்.

'அந்த', 'இந்த' என்பன அகர இகரச் சுட்டுகள் திரிந்து வந்தவை. இவற்றைச் சுட்டுத்திரிபு என்பர். இவற்றின் பின் வல்லினம் மிகும்: அந்தக் கரை, இந்தத் தெரு.

இப்பொழுது எங்கள் ஊருக்கு ஏற்ற ஒரு தொடரை ஆராய்வோம். நெல் அரவை ஆலைகள் நிறைந்த ஊர் அல்லவா? 'அப்பா இவ்வரிசியை அவ்வாலையில் வாங்கி, அதை அந்தக் கடையில் விற்றார்.' இத்தொடரில் சுட்டுகள் எத்தனை?

'அப்பா' என்பதில் 'பா' எஞ்சுகிறது, பகரமும் இரட்டித்திருக்கிறது. எனினும் இங்கே அது தந்தையைக் குறிப்பதால் சுட்டன்று. செய்யுளைப் பற்றிப் பேசும்போது 'அப்பா வெண்பா ஆகும்' என்றால் அது புறச்சுட்டு. 'இவ்வரிசி' என்பது இ + அரிசி, 'அவ்வாலை' என்பது அ + ஆலை, இரண்டும் புறச்சுட்டு. அரிசி என்னும் சொல்லின் முதலிலும் அகரம் உண்டு. ஆனால் அஃது எதையும் சுட்டாமல் சொல்லின் உறுப்பாகவே நிற்கிறது. 'அதை' என்பது 'அது' இரண்டாம் வேற்றுமை உருபு ஏற்ற வடிவம், அகச்சுட்டு. 'அந்த' என்பது சுட்டுத்திரிபு. ஆக, சுட்டுகள் நான்கு. ஐந்து என்று எழுதியவர் அப்பாவையும் சேர்த்து எண்ணியிருப்பார்.