கேள்வி கேட்பதைப் பார்த்துச் சூத்திரம் எடுத்தல்

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் கலப்பெண்கள் இரண்டாம் பாடம், வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள் ஆறாம் பாடம். சூத்திரங்களைப் பாட வரிசையில் எழுதிவைத்தால் தேர்வறையில் எதை எடுப்பது என்பது தெரிவதில்லை. கேள்வி எதைக் கேட்கிறது என்பதை வைத்துத் தாளைப் பிரிப்பதே பயன் தரும்.

கலப்பெண்ணில் முதல் வகை, நியமப்பாதை. |z − a| = r என்றால் a-ஐ மையமாகக் கொண்ட வட்டம். |z − a| = |z − b| என்றால் a, b இரண்டையும் இணைக்கும் கோட்டின் மையக்குத்துக்கோடு. z = x + iy எனப் போட்டு இருபுறமும் வர்க்கப்படுத்தினால் சமன்பாடு வந்துவிடும்.

இரண்டாம் வகை மூலங்கள் காண்பது. மதிப்பெண் அதிகம் நழுவும் இடம் இதுதான். எண்ணைத் துருவ வடிவில் எழுதியபின் n-ஆம் படி மூலங்களுக்கான சூத்திரம்:

r^(1/n) [cos((θ + 2kπ)/n) + i sin((θ + 2kπ)/n)], k = 0, 1, …, n − 1

8i-யின் கனமூலங்களை எடுத்துக்கொள்ளலாம். இங்கே r = 8, θ = π/2. எனவே மூலங்களின் வீச்சுகள் π/6, 5π/6, 3π/2; மட்டு மதிப்பு மூன்றுக்கும் 2. விடைகள் √3 + i, −√3 + i, −2i. 2kπ-ஐ விட்டுவிட்டால் முதல் மூலம் மட்டுமே கிடைக்கும். மூன்றையும் கூட்டிப் பார்ப்பது நல்ல சோதனை: கூடுதல் பூஜ்ஜியமாக வரவேண்டும். வீச்சைக் காணும்போது tan⁻¹(y/x) மட்டும் போதாது, புள்ளி எந்தக் கால்பகுதியில் இருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். −1 − i√3 மூன்றாம் கால்பகுதியில் இருப்பதால் அதன் முதன்மை வீச்சு −2π/3, π/3 அல்ல.

வெக்டரில் கோணம் கேட்டால் புள்ளிப் பெருக்கல், பரப்பு கேட்டால் வெக்டர் பெருக்கல், கன அளவு கேட்டால் முப்பெருக்கல். இவை எளிதில் நினைவில் நிற்பவை. இரு கோடுகளுக்கு இடையிலான மீச்சிறு தூரத்துக்குத்தான் கவனம் தேவை. r = a + sb, r = c + td என்ற கோடுகளுக்கு அது

|(c − a) · (b × d)| / |b × d|

a = (1, 2, 1), b = (1, 1, 0), c = (3, 2, 2), d = (0, 1, 1) என்று கொள்வோம். c − a = (2, 0, 1). b × d = (1, −1, 1); அதன் நீளம் √3. மேலே உள்ள பெருக்கல் 2 + 0 + 1 = 3. தூரம் 3/√3, அதாவது √3.

சூத்திரத்தைப் போடுமுன் b × d-ஐக் கணக்கிடவேண்டும். அது பூஜ்ஜிய வெக்டராக வந்தால் கோடுகள் இணை. பகுதியில் பூஜ்ஜியம் வருவதால் இந்தச் சூத்திரம் செல்லாது. அப்போது |(c − a) × b| / |b| என்பதே தூரம். b × d பூஜ்ஜியம் ஆகாமல் தொகுதி மட்டும் பூஜ்ஜியமானால், கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. கேள்வி வெட்டும் புள்ளியையும் கேட்டிருந்தால் s, t இரண்டையும் இரு சமன்பாடுகளிலிருந்து கண்டு, மூன்றாவதில் போட்டுச் சரிபார்க்கவேண்டும்.