சீட் கிடைத்த வீடும் பக்கத்து வீடும்

2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஓர் இயற்பியல் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது. அணுக்களைப் பற்றி இரண்டு கூற்றுகள். இரண்டும் சரியா, ஒன்று மட்டும் சரியா என்று கேட்கும் சாதாரண நீட் கேள்விதான். பழைய என்.சி.இ.ஆர்.டி. பாடநூலைப் படித்தவர்களுக்கு ஒரு விடை சரியாகத் தெரிந்தது, புதிய பதிப்பைப் படித்தவர்களுக்கு இன்னொன்று. தேர்வை நடத்திய தேசியத் தேர்வு முகமை, இரண்டு விடைக்குமே மதிப்பெண் போட்டிருந்தது. நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி.யில் மூன்று வல்லுநர்களைக் கொண்டு பார்க்கச் சொன்னது. நான்காவது விடை மட்டுமே சரி என்று அவர்கள் சொல்ல, அதுவே முடிவானது.

விளைவு உடனே தெரிந்தது. ஜூன் 4-ஆம் தேதி வந்த முதல் முடிவில் 720-க்கு 720 வாங்கியவர்கள் 67 பேர். கருணை மதிப்பெண் விவகாரத்தில் அது 61 ஆனது. இந்த ஒரு கேள்வி திருத்தப்பட்டதும் அவர்களில் 44 பேர் 715-க்கு இறங்கினார்கள். உச்சியில் மிஞ்சியது 17 பேர். கீழே, வேறு விடையைக் கருமையாக்கிய 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கு 5 மதிப்பெண் இழந்தார்கள். சரியான விடைக்கு 4 போய், தவறான விடைக்கு 1 கழிந்ததால் இந்த ஐந்து. ஜூனில் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்ட பலருக்கு ஜூலையில் ரேங்க் வேறு. அவர்கள் படித்த படிப்பில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை.

நீட்டில் தேறிய பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லப் போகிறவர்கள் இந்தக் கதையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பிள்ளை பட்ட பாட்டை இது குறைத்துக் காட்டவில்லை. அந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையில் இருக்கும் கோடு எவ்வளவு மெல்லியது என்பதைத்தான் காட்டுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரே தெருவில் இரண்டு மாணவிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே பள்ளி, ஒரே பயிற்சி மையம். 180 கேள்விகளில் இருவருமே பத்தைத் தொடாமல் விட்டார்கள். முதலாமவருக்கு 156 சரி, 14 தவறு; 624-இல் 14 போக 610. இரண்டாமவருக்கு 155 சரி, 15 தவறு. 620-இல் 15 போக 605. வித்தியாசம் ஒரே ஒரு கேள்வி. கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டு வட்டங்களுக்கு நடுவே தயங்கிய பேனா ஒருத்திக்கு இந்தப் பக்கம் இறங்கியது, இன்னொருத்திக்கு அந்தப் பக்கம். பால்பாயிண்ட் பேனாவால் நிரப்பிய வட்டத்தை அழிக்கவும் முடியாது.

இந்த ஐந்து மதிப்பெண் பெரிதா? 2024-இல் தேர்வு எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். மொத்த மதிப்பெண் 720. பரத்திப் போட்டால் ஒரு மதிப்பெண்ணுக்குச் சராசரியாக 3,000 பேருக்கு மேல் நிற்கிறார்கள். உண்மையில் அவர்கள் சீராகப் பரவியிருப்பதில்லை. ஆனாலும் அறுநூறை ஒட்டிய பகுதியில் 5 மதிப்பெண் என்பது அகில இந்தியப் பட்டியலில் ஆயிரக்கணக்கான இடங்கள். மாநிலப் பட்டியலில் அந்த இடைவெளி சுருங்கும். ஆனால் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிக் கட்-ஆஃப் இருப்பதால், அந்தக் கோடு 607-இல் விழுந்தால் ஒருத்தி வெள்ளைக் கோட்டு தைக்கக் கொடுப்பாள், இன்னொருத்தி மறுபடியும் உயிரியல் முதல் பாடத்தைத் திறப்பாள்.

சில சமயம் அந்த ஒரு கேள்விகூடத் தேவைப்படவில்லை. 2020 அக்டோபரில் முடிவு வந்தபோது ஒடிசா மாணவர் ஒருவரும் உத்தரப் பிரதேச மாணவி ஒருவரும் 720-க்கு 720 வாங்கியிருந்தார்கள். இரண்டு பேரையும் பிரிக்க மதிப்பெண்ணில் எதுவும் இல்லை. அப்போதிருந்த விதிப்படி வயதில் மூத்தவருக்கு முதல் ரேங்க் போனது; மாணவி இரண்டாவது. பிறந்த தேதியைத் தவிர அவர் வேறு எதிலும் பின்தங்கவில்லை. அந்த வயது விதி அடுத்த ஆண்டே எடுக்கப்பட்டது. 2021-இல் மூன்று பேர் முதல் ரேங்க்கைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தமிழில் தேர்வு எழுதியவர்களின் கதை இதைவிடக் கசப்பானது. 2018 நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை இருப்பதாக வழக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழில் எழுதிய அனைவருக்கும் 49 கேள்விக்கு நான்கு வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. பத்து நாளில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. நவம்பரில் தீர்ப்பையே ரத்து செய்தது. எல்லாருக்கும் அள்ளிக் கொடுப்பது சரியா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வருடம் தமிழ் வினாத்தாளோடு மல்லுக்கட்டித் தோற்ற பிள்ளையிடம் “இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாம்” என்று யாராவது சொல்லியிருந்தால், அது வெறும் அறியாமை.

அறியாமை வாழ்த்துகிற பக்கத்திலும் உண்டு. முடிவு வந்த மாலையில் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, “நீட் பாஸாயிடுச்சா?” பாஸ் வேறு, சீட் வேறு. தகுதிக் கோடு மதிப்பெண்ணால் வரையப்படுவதில்லை. பொதுப் பிரிவுக்கு 50-ஆவது பெர்சென்டைல், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40. அதாவது எழுதியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் எப்படியும் ‘பாஸ்’ ஆவார்கள். 2024-இல் அப்படித் தேறியவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் இருக்கும் எம்.பி.பி.எஸ். இடங்களோ 1 லட்சத்துக்கு மேல்தான். அதிலும் ஒரு பெரும்பகுதி, கட்டணத்தைக் கேட்டாலே நடுத்தரக் குடும்பம் எழுந்து போகும் தனியார் கல்லூரிகளில். முடிவன்றே லட்டு வாங்கிக்கொண்டு போய் “டாக்டரம்மா” என்று கூப்பிட்டால், அந்தப் பிள்ளை சிரிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. மாநில ரேங்க் பட்டியல் வந்து, கலந்தாய்வில் கல்லூரி ஒதுக்கீட்டு ஆணை கைக்கு வரும்வரை வீட்டுக்குள் தூக்கம் இருக்காது. விவரம் தெரிந்தவர்கள் “மார்க் எவ்வளவு?” என்று கேட்பதில்லை. “கவுன்சலிங் எப்போ, சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்து வச்சாச்சா?” என்று கேட்கிறார்கள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, அரசுப் பள்ளி மாணவர் என்றால் ஆறாம் வகுப்பு முதல் அங்கே படித்ததற்கான சான்று என்று அலையும் வாரத்தில், தாலுகா அலுவலகத்துக்குக் கூட வரும் சித்தப்பாதான் சால்வையோடு வருகிறவரைவிட வேண்டப்பட்டவர்.

ஊரார் வாழ்த்து என்றாலே நமக்கு ஃப்ளெக்ஸ்தான். மாணவியின் முகம் ஒரு மூலையில்; வாழ்த்துகிறவர்களின் முகங்கள் மீதி இடமெல்லாம். ரேங்க்கை ஊரெல்லாம் ஒட்டும் வழக்கத்தின் கெடுதலை அரசே ஒருமுறை கவனித்தது. 2017-இல் பன்னிரண்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு நிறுத்தியது. அதற்கு முன்புவரை முடிவு நாளில் செய்தித்தாளின் முதல் பக்கம் முழுக்க முதலிடக்காரர்களின் படங்கள், அம்மா வாயில் இனிப்பு ஊட்டும் அதே காட்சியோடு வரும். பள்ளித் தேர்வில் அது ஓய்ந்தது. நுழைவுத் தேர்வில் அந்த இடத்தைப் பயிற்சி மையங்களின் விளம்பரங்கள் பிடித்துக்கொண்டன.

அந்த விளம்பரங்களைக் கூர்ந்து பார்த்தால் ஒரே முகம் இரண்டு மூன்று மையங்களின் பதாகையில் சிரிக்கும். ஒரு மையத்தில் ஆண்டு முழுக்கப் படித்திருப்பார்; இன்னொன்றில் மாதிரித் தேர்வு மட்டும் எழுதியிருப்பார். இதனால்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி மைய விளம்பரங்களுக்கு விதிமுறை கொண்டுவந்தது. தேர்வான பிறகு அந்த மாணவரிடம் எழுத்துபூர்வமாகச் சம்மதம் வாங்காமல் பெயரையோ படத்தையோ போடக்கூடாது; அவர் எந்தப் பாடத்திட்டத்தில் சேர்ந்திருந்தார், அதற்குக் கட்டணம் கட்டினாரா என்பதையும் சொல்ல வேண்டும். இவ்வளவு விவரம் கேட்கும் விதிமுறையும் ஒன்றைக் கேட்கவில்லை: சிரிக்கிறவருக்கு இது எத்தனையாவது முயற்சி? மருத்துவ இடம் பெறுகிறவர்களில் பலர் ஒரு முறையோ இரண்டு முறையோ தவறவிட்டுத் திரும்ப எழுதியவர்கள். பதாகையில் ‘ரிப்பீட்டர்’ என்ற சொல் இருக்காது. அதைச் சொல்லியிருந்தால், அதே தெருவில் இந்த வருடம் தவறவிட்ட பிள்ளைக்கு அந்தப் பதாகையால் கொஞ்சமாவது பயன் இருந்திருக்கும்.

தேறிய பிள்ளைக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு. கூடப் படித்தவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ரேங்க் கார்டைப் போடலாமா கூடாதா? பெரும்பாலான பிள்ளைகள் பெரியவர்களைவிட இதில் நாசூக்கு தெரிந்தவர்கள். ஸ்டேட்டஸ் வைக்காமல் விடுகிறார்கள், தோழியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். அடுத்த முறை எழுதப்போகிறவளுக்கு அவர்கள் தரக்கூடிய பெரிய உதவி, தாங்கள் தவறு செய்த கேள்விகளை எழுதி வைத்த நோட்டு. எந்தப் பாடத்தில் அவசரப்பட்டோம், எந்தக் கேள்வியை விட்டிருக்க வேண்டும் என்பது அந்த நோட்டில்தான் இருக்கும். காரியத்தைக் கெடுப்பது பெற்றோர்தான். “உன் ஃப்ரெண்டுக்கு வந்துடுச்சு, உனக்கு என்ன?” என்ற ஒரு வரி, ஒரே கேள்வியில் நழுவிய 605-ஐத் தோல்வி என்று பெயர் வைத்துவிடும்.

அந்த வரி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு பலமுறை பார்த்துவிட்டது. அதனால்தான் நீட் முடிவு வந்ததும், 104 மருத்துவ உதவி மையத்தின் மனநல ஆலோசகர்கள் தேர்வு எழுதிய மாணவர்களைத் தாங்களே போனில் கூப்பிட்டுப் பேசும் ஏற்பாட்டைச் சுகாதாரத் துறை செய்தது. 14416 என்ற எண்ணிலும் இரவு பகலாக ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் கதவு சாத்திக் கிடந்தால், பலகாரத் தட்டை நீட்டுவதற்கு முன் அந்த அம்மாவிடம் இந்த எண்ணைச் சொல்லலாம். பிள்ளையிடம் தேர்வைத் தவிர வேறு எதையாவது பேசலாம்.

கோடு முதல் நாளில் விழுந்த இடத்திலேயே நிற்பதும் இல்லை. முதல் சுற்றுக் கலந்தாய்வில் மாநிலக் கல்லூரியில் இடம் வாங்கிய சிலர், அகில இந்திய ஒதுக்கீட்டில் விரும்பிய கல்லூரி கிடைத்து இங்கே விட்டுவிட்டுப் போவார்கள். சிலர் கட்டணம் கட்ட முடியாமல் விலகுவார்கள். காலியான இடங்கள் இரண்டாம் சுற்றுக்கும், அதில் மிஞ்சியவை அடுத்தடுத்த சுற்றுகளுக்கும் வரும். ஒவ்வொரு சுற்றிலும் கட்-ஆஃப் சில மதிப்பெண்கள் இறங்கும். முடிவு நாளில் ஊரே துக்கம் விசாரித்துவிட்டுப் போன வீட்டில், மாதக்கணக்குக் கழித்து ஒதுக்கீட்டு ஆணை வருவதும், பையைக் கட்டிக்கொண்டு கடைசித் தேதிக்குள் கல்லூரிக்கு ஓடுவதும் ஆண்டுதோறும் நடக்கிறது.