உட்கார்ந்தால் ஏறும் கோட்

கல்யாண ஆல்பம் வந்ததும் மாப்பிள்ளையின் கோட்டைப் பற்றி வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். ரிசப்ஷன் மேடையில் நின்று எடுத்த படங்களில் கச்சிதமாக இருக்கும் கோட், சோபாவில் உட்கார்ந்த படத்தில் கழுத்துக்கு ஏறி, வயிற்றில் சுருங்கி, யாரிடமோ இரவல் வாங்கியது போலத் தெரியும். "டைலர் கெடுத்துட்டாரு" என்று தீர்ப்பும் வந்துவிடும். பெரும்பாலும் டைலர் மேல் குற்றமில்லை. ஆளை நிற்கவைத்து அளவெடுத்து, நிற்கும்போது அழகாக விழ வேண்டும் என்றே வெட்டப்படும் உடை அது.

உட்காரும்போது உடம்பின் அளவே மாறிவிடுகிறது. இதை வீட்டிலேயே பார்க்கலாம். பின்புறம் அதிகம் புடைத்திருக்கும் இடத்தில், டைலர்கள் 'சீட்' என்று சொல்லும் அளவில், இஞ்ச் டேப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்காருங்கள். டேப் இறுகும், கொஞ்சம் தளர்த்தினால்தான் மூச்சு விடலாம். அந்தக் கூடுதல் சுற்றளவுக்குப் பேண்ட்டில் இடம் இல்லையென்றால், நிற்கும்போது எவ்வளவு எடுப்பாக இருந்தாலும் உட்கார்ந்ததும் தொடையில் குறுக்குக் கோடுகள் விழும்.

நீளமும் மாறும். இடுப்பிலிருந்து பின்பக்கமாகக் கவட்டு வரை உள்ள தூரம் உட்கார்ந்தால் கூடுகிறது, முன்பக்கம் குறைகிறது. பின்பக்கத்துக்குத் துணி பற்றாமல் பேண்ட்டின் பின் இடுப்பு கீழே இறங்குகிறது. முன்பக்கம் மிஞ்சும் துணி ஜிப் அருகே கூடாரம் போலப் புடைக்கிறது. படத்தில் அதைப் பார்த்து 'லூஸ்' என்று சொல்வது தவறு. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கென்றே தைக்கப்படும் பேண்ட்டுகளைப் பார்த்தால் இது விளங்கும்: பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் வெட்டியிருப்பார்கள். அதையே அணிந்து ஒருவர் நின்றால் அழகாக இருக்காது. ஒரே வெட்டு இரண்டு நிலைக்கும் முழுமையாகப் பொருந்தாது.

மடங்கும் முழங்காலும் துணியை இழுத்துக்கொள்வதால், ஷூவைத் தொட்டுக்கொண்டிருந்த பேண்ட் முனை மேலேறிச் சாக்ஸ் தெரியும். அதை வைத்துப் பேண்ட் குட்டை என்று முடிவுகட்ட வேண்டாம். பேண்ட் நீளத்தை நின்ற படத்தில் மட்டும்தான் பார்க்க வேண்டும்.

இனி கோட். அதன் கீழ்முனை சோபாவில் முட்டும்போது மொத்தத் துணியும் மேலே தள்ளப்பட்டு, காலர் கழுத்தை விட்டு எழும்பும். பட்டன் போட்டபடி உட்கார்ந்தால் வயிற்றில் துணி இழுபட்டு மார்பு மடிப்புகள் வில்லாக வளையும். அதனால்தான் உட்காரும் முன் பட்டனைக் கழற்றுவது வழக்கம். 1987-இல் வந்த 'பிராட்காஸ்ட் நியூஸ்' என்ற ஹாலிவுட் படத்தில் செய்தி வாசிக்கப் போகிறவருக்கு இன்னொருவர் சொல்லிக்கொடுக்கும் தந்திரமும் இதற்குத்தான்: கோட்டின் பின்முனையை இழுத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொள். காலர் எழும்பாது, தோள் படிந்து நிற்கும். நம் மாப்பிள்ளைகளுக்கு யாராவது இதைச் சொல்லிவைக்கலாம்.

அப்படியானால் உட்கார்ந்த படத்தில் எதை நம்புவது? தோளை. கை மடியில் இருக்கும்போது தோள் தையல் தோள் எலும்பின் முனையிலேயே முடிகிறதா என்று பாருங்கள். சோபாவின் கைப்பிடியில் முழங்கையை ஊன்றியிருந்தால் தோளே உயர்ந்துவிடும், அந்தப் படம் உதவாது. இடுப்புப் பிடிப்பைப் பார்க்க நின்ற படம் வேண்டும்: பட்டனைச் சுற்றி பெருக்கல் குறி போல மடிப்பு விழுந்தால் கோட் டைட். கை தளர்ந்து தொங்கும்போதே சட்டைக் காலருக்கும் கோட் காலருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அது உண்மையான குறை. உட்கார்ந்த படத்தில் மட்டும் தெரிந்தால் சோபாவின் வேலை.

கேமராவும் கொஞ்சம் விளையாடும். உட்கார்ந்தவரை அருகிலிருந்து செல்போனில் எடுத்தால், லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் முழங்காலும் தொடையும் பெருத்துத் தெரியும். நாலடி தள்ளிப்போய், அவர் மார்பு உயரத்தில் போனைப் பிடித்து, ஜூம் செய்து எடுங்கள்.

அடுத்த முறை ட்ரையல் பார்க்கப் போகும்போது கடையில் ஒரு ஸ்டூல் கேட்டு உட்கார்ந்து பாருங்கள். நின்று ஒன்று, உட்கார்ந்து ஒன்று என இரண்டு படங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். பேண்ட் சீட்டில் இறுகினால் பின்பக்க நடுத் தையலில் டைலர் வழக்கமாக விட்டுவைக்கும் துணியைப் பிரித்து இளக்கிவிடலாம். கோட்டின் தோள் சரியில்லையென்றால் மட்டும் 'அட்ஜஸ்ட் பண்ணிடலாம் சார்' என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். தோளைத் திருத்துவது ஏறக்குறைய புதுக் கோட் தைப்பதற்குச் சமம்.