செங்குத்தில் திணறும் விமானம்

யூனிட்டியில் முதல் விமான விளையாட்டை எழுத உட்காரும் பலரும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள். திரையில் விமானம் நேராகப் பறக்கிறது. பொத்தானை அழுத்தினால் மூக்கு எழும்பி, பின்னோக்கி வளைந்து, தலைகீழாகி, முழு வட்டம் அடித்துப் பழைய நிலைக்கு வர வேண்டும். மூக்கு எழும்புகிறது. 60 டிகிரி, 70, 80 என்று ஏறி, செங்குத்தாக வானத்தைப் பார்த்ததும் விமானம் அதற்கு மேல் வளைய மறுக்கிறது. பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் அங்கேயே நடுங்கிக்கொண்டிருக்கிறது.

ஸ்கிரிப்டில் இருப்பது மூன்றே வரிகள். படித்துப் பார்த்தால் தவறு எதுவும் கண்ணில் படாது.

```csharp
Vector3 e = transform.eulerAngles;
e.x -= 120f * Time.deltaTime;
transform.eulerAngles = e;
```

இப்போதைய கோணங்களை எடு, X கோணத்தைக் கொஞ்சம் குறை, திரும்ப வை. யூனிட்டியில் X கோணம் மூக்கின் ஏற்ற இறக்கம், Y கோணம் இடவலத் திரும்பல், Z கோணம் இறக்கைகளின் சாய்வு. X குறைந்தால் மூக்கு எழும். இப்படி ஒரு பொருளின் நிலையை மூன்று கோணங்களாகப் பிரித்துச் சொல்லும் முறைக்கு, 18-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை லியோனார்ட் ஆய்லரின் பெயரால் ஆய்லர் கோணங்கள் என்று பெயர்.

நடுக்கத்தின் காரணம் தெரிய, இரண்டு ஃபிரேம்களை மட்டும் நிறுத்தி நிதானமாகப் பார்த்தால் போதும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடினால் ஒவ்வொரு ஃபிரேமிலும் 2 டிகிரி குறையும். 0-விலிருந்து கீழே போகும் X கோணத்தை யூனிட்டி 358, 356 என்று காட்டும். 270 என்பது மூக்கு நேர் செங்குத்து. கோணங்கள் (271, 0, 0) என்று இருக்கும்போது ஸ்கிரிப்ட் 2 டிகிரியைக் கழித்து (269, 0, 0) என்று எழுதுகிறது. விமானம் செங்குத்தைத் தாண்டி ஒரு டிகிரி பின்னால் சாய்கிறது. இதுவரை சரிதான்.

அடுத்த ஃபிரேமில் ஸ்கிரிப்ட் மறுபடி கோணங்களைக் கேட்கிறது. யூனிட்டி அந்த மூன்று எண்களைச் சேமித்து வைப்பதில்லை. விமானம் இருக்கும் நிலையைப் பார்த்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிட்டுச் சொல்கிறது. அந்த நிலைக்கு அது தரும் பதில் (271, 180, 180). எண்கள் வேறாக இருந்தாலும், (269, 0, 0) குறிக்கும் அதே நிலைதான் இது. ஸ்கிரிப்டோ எதுவும் அறியாமல் X-இல் இரண்டைக் கழித்து (269, 180, 180) என்று வைக்கிறது. அந்த நிலை எது? பழைய (271, 0, 0)! ஒரு டிகிரி முன்னே போன விமானம் திரும்பவும் பின்னே வந்துவிட்டது. இப்படியே முன்னும் பின்னுமாக ஆடுவதுதான் திரையில் நடுக்கமாகத் தெரிகிறது.

ஒரே நிலைக்கு இரண்டு முகவரிகள் இருப்பதால் வந்த குழப்பம் இது. செங்குத்தில் இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. யூனிட்டியைத் திறந்து வைத்திருப்பவர்கள் இதை உடனே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பெட்டியை வைத்து, இன்ஸ்பெக்டரில் அதன் X கோணத்தை 90 ஆக்குங்கள். பிறகு Y எண்ணை மாற்றினால் பெட்டி ஓர் அச்சில் சுழலும். Z எண்ணை மாற்றினாலும் அதே அச்சில்தான் சுழலும், திசை மட்டும் எதிராக இருக்கும். (90, 30, 0), (90, 60, 30), (90, 80, 50) ஆகிய மூன்றும் பெட்டியை ஒரே நிலையில்தான் நிறுத்தும், ஏனென்றால் Y-யிலிருந்து Z-ஐக் கழித்தால் மூன்றிலும் 30 வருகிறது. கையில் மூன்று கோணங்கள் இருந்தும் அந்த இடத்தில் இரண்டு விதமாகத்தான் திருப்ப முடிகிறது. இதற்குத்தான் கிம்பல் லாக் என்று பெயர்.

காரணம் வரிசையில் இருக்கிறது. யூனிட்டி முதலில் Z, பிறகு X, கடைசியாக Y என்று திருப்புகிறது. நடுவில் நிற்கும் X திருப்பம் 90 டிகிரி ஆகும்போது, முதலில் வந்த Z அச்சைக் கொண்டுபோய் Y அச்சின் மேலேயே படுக்க வைத்துவிடுகிறது. வரிசையை மாற்றி வைத்தாலும் தப்ப முடியாது. எந்தக் கோணம் நடுவில் வந்தாலும் அது சிக்கும் ஓர் இடம் இருந்தே தீரும்.

பெயர் வந்தது வளையங்களிலிருந்து. ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் வளையங்களைக் கிம்பல் என்பார்கள். நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டும் கருவி இப்படி மூன்று கிம்பல்களுக்கு நடுவே தாங்கப்பட்டிருந்தது. விண்கலம் எப்படித் திரும்பினாலும் நடுவிலுள்ள மேடை திசை மாறாமல் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நடு வளையம் 90 டிகிரியை நெருங்கினால் வெளி வளையமும் உள் வளையமும் ஒரே அச்சுக்கு வந்துவிடும், மேடை தன் திசையை இழக்கும். அதனால் 70 டிகிரியிலேயே எச்சரிக்கை விளக்கு எரியும்படி வைத்திருந்தார்கள். 1969-இல் அப்பல்லோ 11-ஐ ஓட்டிய மைக்கேல் காலின்ஸ், கிறிஸ்துமஸுக்குத் தனக்கு நான்காவது கிம்பல் ஒன்றை அனுப்பிவைக்கும்படி தரைக் கட்டுப்பாட்டு நிலையத்திடம் வேடிக்கையாகக் கேட்டார்.

ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு வளையம் வேண்டாம், நான்காவதாக ஓர் எண் இருந்தால் போதும்.

இங்கே உதவிக்கு வருகிறவரும் ஆய்லரே. ஒரு பொருளை எப்படித் திருப்பி வைத்தாலும் சரி, அதே நிலையை ஓர் அச்சைப் பிடித்து ஒரே ஒரு திருப்பத்தில் அடைந்துவிடலாம் என்று அவர் நிறுவியிருந்தார். எலுமிச்சம்பழத்தில் சரியான சாய்வில் ஒரு கம்பியைக் குத்தி ஒரு முறை சுழற்றினால், அதை எந்த நிலைக்கும் கொண்டுவரலாம். கம்பி எந்தப் பக்கம் பார்க்கிறது, எவ்வளவு சுழற்ற வேண்டும் ஆகிய இரண்டும் தெரிந்தால் வேலை முடிந்தது. இந்த இரண்டையும் நான்கு எண்களில் அடக்கி வைப்பதுதான் குவாட்டர்னியன். அயர்லாந்துக் கணித மேதை வில்லியம் ரோவன் ஹாமில்டன் 1843 அக்டோபர் 16 அன்று, டப்ளினில் ராயல் கால்வாய்க் கரையோரம் மனைவியுடன் நடந்துபோகையில் இதற்கான சூத்திரத்தைக் கண்டு, பாலத்தின் கல்லிலேயே கீறி வைத்தார்.

யூனிட்டியில் இந்த நான்கும் x, y, z, w என்ற பெயரில் இருக்கின்றன. முதல் மூன்றும் அச்சின் திசையைத் திருப்பத்தின் பாதிக் கோணத்துக்கான சைன் மதிப்பால் பெருக்கியவை. w அதே பாதிக் கோணத்தின் கோசைன். X அச்சில் 90 டிகிரி திருப்பம் என்றால் (0.707, 0, 0, 0.707). இவை டிகிரிகள் அல்ல. `transform.rotation.x` என்று எழுதி 90-ஐ எதிர்பார்ப்பவருக்கு 0.707 வந்து நிற்கும். கணக்கு எங்கோ இடிக்கிறது, எண்களெல்லாம் 1-க்குள்ளேயே இருக்கின்றன என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இந்த எண்களைக் கையால் மாற்ற வேண்டிய தேவையே வராது. திருப்பங்களை உருவாக்கி ஒன்றோடொன்று பெருக்கினால் போதும். விமானத்தின் ஸ்கிரிப்ட் இப்படி மாறுகிறது:

```csharp
Quaternion step = Quaternion.AngleAxis(
    -120f * Time.deltaTime, Vector3.right);
transform.rotation = transform.rotation * step;
```

பழைய கோணத்தை யாரும் கேட்பதில்லை. "இப்போது இருக்கும் நிலையிலிருந்து, உன் இறக்கை அச்சில் இன்னும் 2 டிகிரி திரும்பு" என்பது மட்டுமே கட்டளை. செங்குத்து என்பது மற்ற நிலைகளைப் போல இன்னொரு நிலை, அவ்வளவுதான். விமானம் மூன்று நொடிகளில் வட்டத்தை முடித்துவிடுகிறது.

பெருக்கலின் வரிசையில் மட்டும் கவனம் தேவை. `step` வலப்பக்கம் இருந்தால் பொருளின் சொந்த அச்சில் திரும்பும். இடப்பக்கம் வைத்தால் உலகத்தின் அச்சில் திரும்பும். விமானம் நேராகப் பறக்கும்வரை இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பக்கவாட்டில் சாய்ந்தபிறகு மூக்கை உயர்த்தும்போது அது எதிர்பாராத பக்கம் போனால், வரிசை மாறிவிட்டது என்று அறியலாம்.

அடுத்தது, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு வழுவழுப்பாகத் திருப்புவது. 350 டிகிரியை நோக்கியிருக்கும் கேமரா 10 டிகிரிக்குத் திரும்ப வேண்டும். இடையில் இருப்பது 20 டிகிரிதான். ஆனால் கோணங்களை வெறும் எண்களாக எடுத்துப் படிப்படியாக மாற்றினால் கேமரா 349, 348 என்று இறங்கி, 340 டிகிரி சுற்றிக்கொண்டு வரும். குவாட்டர்னியனில் இதற்கான வழியைக் கென் ஷூமேக் 1985-இல் சிக்ராஃப் மாநாட்டில் விளக்கினார். ஸ்லெர்ப் என்று அழைக்கப்படும் அந்த முறை இரண்டு நிலைகளுக்கும் நடுவே ஒரே அச்சில், சீரான வேகத்தில் கொண்டுசெல்கிறது. யூனிட்டியில் அது `Quaternion.Slerp`.

இதைப் பயன்படுத்துவதிலும் ஒரு தவறு பரவலாக உண்டு. ஒவ்வொரு ஃபிரேமிலும் இப்போதைய நிலையையே தொடக்கமாகவும், `Time.deltaTime`-ஐ அளவாகவும் கொடுத்துவிடுகிறார்கள். அப்போது மீதித் தூரத்தில் ஒரு பங்குதான் ஒவ்வொரு முறையும் கடக்கப்படும். திருப்பம் வேகமாகத் தொடங்கி, இலக்கை நெருங்க நெருங்க ஊர்ந்து, முழுதாகச் சேராமலே இருக்கும். ஃபிரேம் வேகம் மாறும் கருவிகளில் திருப்பத்தின் போக்கும் மாறும். நொடிக்கு இத்தனை டிகிரி என்ற சீரான வேகம்தான் வேண்டுமென்றால் அதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது:

```csharp
transform.rotation = Quaternion.RotateTowards(
    transform.rotation, target, 90f * Time.deltaTime);
```

ஆய்லர் கோணங்களை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் பார்ப்பவரின் தலை மேலும் கீழும் 85 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்படுத்த, கோணமாக வைத்திருப்பதே எளிது. ஏற்றத்தையும் திரும்பலையும் ஸ்கிரிப்டின் சொந்த மாறிகளில் வைத்துக்கொண்டு, கடைசியில் `Quaternion.Euler(pitch, yaw, 0f)` என்று ஒரே திசையில் மாற்றினால் போதும். `eulerAngles`-இலிருந்து திரும்ப வாசிக்காதவரை நடுக்கம் வராது. 85-இலேயே நிறுத்துவதால் 90-இன் பூட்டும் எட்டாது.

குவாட்டர்னியனுக்கும் ஓர் எல்லை உண்டு. அது நிலையை நினைவில் வைக்கும், எத்தனை சுற்று சுற்றி அங்கே வந்தது என்பதை வைக்காது. ஒரு கதவுச் சக்கரம் ஒன்றரைச் சுற்று, அதாவது 540 டிகிரி சுழல வேண்டுமென்று தொடக்கத்தையும் முடிவையும் ஸ்லெர்ப்பிடம் கொடுத்தால், அது அரைச் சுற்று மட்டுமே சுழற்றும். சரியாக 360 கொடுத்தாலோ சக்கரம் அசையவே அசையாது. இப்படிப்பட்ட இடங்களில் மொத்தக் கோணத்தை ஒரு சாதாரண எண்ணாக 0-விலிருந்து 540 வரை வளர்த்து, ஒவ்வொரு ஃபிரேமிலும் அதை `Quaternion.AngleAxis`-இடம் கொடுத்தால் சக்கரம் முழு ஒன்றரைச் சுற்றையும் சுற்றும்.